உம்மும்மாவின் ட்ரங்குப் பெட்டி

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் கட்டிலுக்குக் கீழே ஒரு தகர ட்ரங்குப் பெட்டி இருக்கும். கறுப்பு அல்லது பச்சை நிறம் பூசி, மூடியில் ஒரு ரோசாப் பூ வரைந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி, முன்னால் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு சிறிய பூட்டு. முன்பு பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது இந்தப் பெட்டியை நிரப்பித்தான் அனுப்புவார்கள். இப்போது அந்த இடத்தை இரும்பு அலுமாரியும் சக்கரம் வைத்த பயணப் பெட்டியும் பிடித்துவிட்டன. அதனால்தான், தாத்தாவுக்கு நிக்காஹ் நாள் குறித்ததும், தன் ட்ரங்குப் பெட்டியைத்தான் அவளுக்குக் கொடுக்கப்போவதாக உம்மும்மா சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். உம்மும்மா சிரிக்கவில்லை.

உக்குவளையிலிருந்து தாத்தா வாழப்போகும் அக்குறணைக்கு அவ்வளவு தூரமில்லை. ஆனாலும் பெட்டியை அடுக்கி முடிக்க உம்மும்மாவுக்கு நான்கு நாட்கள் பிடித்தன. உயர்தர வகுப்பு விடுமுறையில் இருந்த எனக்கு, அவருக்குக் கைகொடுக்கும் வேலை கிடைத்தது. உம்மும்மாவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் முழுவதும் பெட்டிக்கே போனது. வெறும் பெட்டியைத் திறந்து வெயிலில் வைத்தோம். மாத்தளைப் பக்கத்து ஈரத்தில் தகரம் மேலிருந்து துருப்பிடிப்பதில்லை, அடியிலிருந்துதான் பிடிக்கும். சீமெந்துத் தரையின் குளிர் தகரத்தில் ஏறி வேர்க்கும். அந்த வேர்வைதான் துருவாகிறது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது நான்கு மூலைகளிலும் செம்மண் நிறத்தில் பொருக்கு இருந்தது. அதை மண்கடதாசியால் உரசி எடுத்து, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, வாசனை போகும் வரை மறுபடியும் வெயிலில் வைத்தோம். அடியில் இரண்டு பலகைச் சட்டங்களை வைத்துக் கட்டினோம்.

"அக்கொறணையில இத தரயில வெக்கப் போடா," என்று உம்மும்மா தாத்தாவிடம் சொன்னார். "ஓயா பெருகினா கடத்தெருவுக்கே தண்ணி வரும். ரெண்டு கல்லு ஒசரத்துல ஒரு தட்டு அடிச்சி அதுல வெய்யிங்க."

அது அவர் சும்மா சொன்னதல்ல. பிங்கா ஓயா பெருக்கெடுத்து அக்குறணை நகரத்துக்குள் தண்ணீர் புகுவது நாங்கள் பல தடவை செய்தியில் பார்த்ததுதான்.

பெட்டிக்குள் பழைய பத்திரிகை விரிக்கப் போன என்னை உம்மும்மா தடுத்தார். பத்திரிகை மை வெள்ளைத் துணியில் ஒட்டும். கடதாசி நாளடைவில் மஞ்சளாகித் துணியையும் மஞ்சளாக்கும். கஞ்சி போடாமல் துவைத்த பழைய வெள்ளைத் துணிதான் வேண்டும் என்றார். கஞ்சி இருந்தால் அதைத் தின்ன வெள்ளிப் பூச்சி வரும், கஞ்சியோடு சேர்த்துப் பட்டையும் அரித்துவிடும். தாத்தாவும் நானும் சிறுவயதில் போர்த்திய ஒரு பழைய விரிப்பைக் கிழித்து அடியில் விரித்தோம்.

பாரமானது முதலில் என்பதுதான் அடுக்கும் ஒழுங்கு. அதனால் முதலில் போனது சஹன். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டு. இப்போது கலியாண மண்டபங்களில் இருப்பவை அலுமினியமும் எவர்சில்வரும். உம்மும்மாவுடையது உள்ளே ஈயம் பூசிய செம்புச் சஹன். அதன் ஓரத்தில் ஒரு நெளிவு இருக்கிறது.

உம்மும்மாவின் கலியாணம் 1974இல் நடந்தது. அரிசித் தட்டுப்பாட்டுக் காலம். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நினைத்தபடி அரிசி கொண்டுபோக முடியாது. ஊர் முழுக்க அழைத்துச் சோறு போட வழியில்லாமல், ஆறு சஹன்கள் மட்டும் வைத்து முப்பத்தாறு பேரை அழைத்தார்களாம். சோற்றுக்கு அடியில் அவித்த மரவள்ளிக் கிழங்கைப் பரப்பி, மேலே சோற்றைக் குவித்து வைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் நிறைந்த சஹன். முதல் கை வைத்த பெரியவர் ஒருவர் கிழங்கைக் கண்டதும் ஒன்றும் சொல்லாமல் கிழங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சோற்றைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டாராம். மற்றச் சஹன்களில் இருந்த பெரியவர்களும் அதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். "எங்கட கலியாணத்துல பெரிய ஆக்கள் சாப்பிட்டது கெழங்குதான்," என்று உம்மும்மா சொன்னார்.

சஹனைக் கொடுக்கும்போது அவர் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். வெள்ளைப் பூச்சுக்கு நடுவே உள்ளங்கை அளவில் ஒரு சிவந்த இடம். அங்கே ஈயம் தேய்ந்து செம்பு வெளியே வந்திருக்கிறது. புளியோ தேசிக்காயோ பட்டால் அந்த இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அது உடம்புக்கு நஞ்சு. முன்பு ஈயம் பூசுகிறவர்கள் வீட்டுக்கு வீடு வருவார்கள். பாத்திரத்தை நெருப்பில் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தேய்த்து, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் பரவலாக இழுத்துவிடுவார்கள். இப்போது எங்கள் ஊருக்கு அப்படி யாரும் வருவதில்லை. ஆகவே, சஹனில் இனிச் சோறு வைக்க வேண்டாம், பேரீச்சம்பழமும் பலகாரமும் மட்டும் வைக்கலாம் என்பது உம்மும்மாவின் கட்டளை.

சஹனுக்கு மேலே தலையணை உறைகள் நான்கு. வெள்ளைத் துணியில் பச்சை நூலால் பெருக்கல் தையல் போட்டு, ஓரத்தில் கிளிகள் தைத்திருந்தன. இவை யார் தைத்தவை என்று தாத்தா கேட்டாள். "எங்கட தாத்தா தைச்சது. அவட கத பொறகு," என்று உம்மும்மா அடுத்த சாமானை எடுத்துவிட்டார்.

அடுத்தது கூறைச் சேலை. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் நல்ல பட்டுச் சேலை இங்கே கிடைப்பது அரிது. உம்மும்மாவின் மாமா ஒருவர் இந்தியாவுக்குப் போய், இராமேஸ்வரத்திலிருந்து கப்பலில் தலைமன்னாருக்குத் திரும்பும்போது இதைக் கொண்டுவந்தார். சுங்கத்தில் கேட்டால் சொல்லிக்கொள்ள, தான் உடுத்திய சாரத்துக்கு மேல் இடுப்பில் சுற்றி, அதன் மேல் கோட்டுப் போட்டு வந்தாராம். சுங்கத்தில் யாரும் கேட்கவில்லை. ஆனால் வியர்வை பட்டு, சேலையின் ஓரிடத்தில் சரிகை கறுத்துப்போயிருக்கிறது. அந்த இடம் இடுப்புக்குள் மறையும்படி உடுத்த வேண்டும் என்று உம்மும்மாவுக்கு அவரது உம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதையே அவர் தாத்தாவுக்கும் சொன்னார்.

பட்டைக் கெடுப்பது பூச்சி மட்டுமல்ல, மடிப்பும்தான். ஒரே கோட்டில் வருடக்கணக்காக மடிந்திருந்தால் சரிகை அந்தக் கோட்டிலேயே ஒடிந்துவிடும். சேலையை விரித்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒடியப்போகும் இடம் தெரியும். கோட்டில் மினுக்கம் குறைந்து நூல் மயிர்போல் எழுந்து நிற்கும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, பழைய மடிப்புக்கு நான்கு விரல் தள்ளிப் புதிதாக மடிக்க வேண்டும். ஐம்பது வருடங்களாக உம்மும்மா இதைச் செய்துவருகிறார். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு தடவை, அதற்கு ஆறு மாதம் கழித்து ஒரு தடவை. பூச்சி உருண்டைகளைச் சேலையின் மடிப்புக்குள் போடக் கூடாது. துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்க வேண்டும். சரிகையில் நேரே பட்டால் நிறம் மாறும்.

உருண்டைகளை விட உம்மும்மா நம்புவது தன் கையால் கட்டும் வாசனை முடிச்சுகளைத்தான். கராம்பு ஒரு பிடி, சாதிக்காய் இரண்டு, கொஞ்சம் வசுவாசி. கராம்பின் வாசனை பூச்சியை விலக்கும், கொல்லாது. ஏற்கெனவே முட்டையிட்டிருந்தால் இது ஒன்றும் செய்யாது. அதற்கு வெயில்தான் மருந்து. ஒரு வருடத்தில் வாசனை போய்விடும். முடிச்சை மாற்ற வேண்டும்.

இந்தச் சாதிக்காய்கள் எங்கள் தோட்டத்து மரத்தினுடையவை. உம்மா பிறந்த வருடம் மூத்தாப்பா பன்னிரண்டு சாதிக்காய்க் கன்றுகளை நட்டார். சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையிலிருந்து முளைத்த கன்றைப் பார்த்து அது எதுவென்று சொல்ல முடியாது. ஆறேழு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்து, பூத்த பிறகுதான் தெரியும். மூத்தாப்பாவின் பன்னிரண்டில் ஏழு ஆண் மரங்கள். மகரந்தத்துக்காக ஒன்றை மட்டும் விட்டுவிட்டு ஆறு மரங்களையும் அவரே வெட்டினார். ஏழு வருடங்களாக ஊற்றிய தண்ணீரைக் கோடரியால் வெட்டுவதைப் போல இருந்தது என்று உம்மும்மா சொன்னார். இப்போதென்றால் பெண் மரத்துக் கிளையை ஒட்டிய கன்று வாங்கலாம். அன்று அந்த வசதி இருக்கவில்லை.

மிஞ்சிய ஐந்து பெண் மரங்கள்தான் உம்மாவின் படிப்புக்கும் கலியாணத்துக்கும் கைகொடுத்தன. காய் வெடித்து விழுந்ததும் பொறுக்கி, சிவந்த வசுவாசியைக் கிழியாமல் உரித்துத் தனியாகக் காயவைப்போம். காயவைத்தால் சிவப்பு மங்கி மஞ்சளுக்கு வரும். கொட்டையைக் காய்ந்த பிறகு காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பருப்பு கடகடவென்று ஆடினால் காய்ந்துவிட்டது. சத்தமில்லாததைச் சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடித்து, கடைக்காரர் முழுச் சாக்கையும் தள்ளிவிடுவார். உம்மும்மா முடிச்சில் வைத்த இரண்டையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.

மூன்றாம் நாள், கைக்குள் அடங்கும் ஒரு மரச் சிமிழை எடுத்தார். சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறங்களில் அரக்கு வேலை. மாத்தளைப் பக்கத்து ஹப்புவிட கிராமத்தில் செய்யப்படும் நகவேலை இது. அரக்கைச் சூடாக்கி நிறம் சேர்த்து, இளகியிருக்கும்போதே கையால் நூலாக இழுப்பார்கள். அந்த நூலைச் சூடான மரத்தில் கோலமாகப் பதித்து, வேண்டிய இடத்தில் பெருவிரல் நகத்தால் வெட்டிவிடுவார்கள். வேறு கருவி இல்லை. உம்மும்மாவின் கலியாணத்துக்கு மேல் வீட்டுச் சிங்கள நோனா ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. ஆறு சஹன் கணக்கில் அந்த வீட்டாரை அழைக்க முடியாமல் போயிருந்தது. அழைக்காத கலியாணத்துக்கு மறுநாள் காலையில் இந்தச் சிமிழோடு அவர் வந்து, "அரிசி இல்லாத காலத்தில் யார் யாரைக் குறை சொல்வது?" என்று சிங்களத்தில் கேட்டாராம்.

சிமிழுக்குள் உம்மும்மாவின் கருகமணி. மூத்தாப்பா மௌத்தான பிறகு அவர் அதை அணிவதில்லை. மணிகளைக் கோத்த நூல் பழையது. நகத்தால் இலேசாக இழுத்துப் பார்த்தபோதே இழை பிரிந்தது. மணிகளை ஒரு கோப்பையில் உதிர்த்து எண்ணினோம். பொன் மணிகள் பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினான்குதான் இருந்தன. தாத்தா மறுபடியும் எண்ணப் போனாள்.

"எண்ண வாணாம் மகள். நாலும் ரெண்டாயிரத்தி இருபத்திரெண்டுல போன. உங்கட மூத்தாப்பாட மருந்துக்கு."

அந்த வருடம் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாங்கள் வரிசையில் நின்றது எனக்கு ஞாபகமிருக்கிறது. மருந்து வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. உம்மும்மா பதினான்கு பொன் மணிகளையும் கறுப்பு மணிகளுக்கிடையே இடைவெளி தெரியாதபடி புதிய நூலில் கோத்தார். அரக்கு வெயில் பட்டால் இளகும் என்பதால் சிமிழைத் துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவே வைத்தார்.

அதற்குப் பக்கத்தில் அட்டை கழன்ற ஒரு புத்தகம். அது அறபுத் தமிழ். எழுத்து அறபு, மொழி தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் மார்க்க நூல்களை எழுதியது இந்த எழுத்தில்தான். உம்மும்மாவின் உம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் குர்ஆன் ஓதப் பழகியிருந்ததால் அறபுத் தமிழை வாசிப்பார், எழுதவும் செய்வார். புத்தகத்தின் கடைசித் தாளில் பென்சிலால் எழுதிய சில வரிகள் இருந்தன. தாத்தாவும் நானும் சேர்ந்து வாசிக்க முயன்றோம். அறபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குப் புள்ளி சேர்த்திருப்பார்கள். தால் எழுத்தின் கீழே ஒரு புள்ளி வந்தால் 'ட', நூனுக்குக் கீழேயும் ஒரு புள்ளி வந்தால் 'ண'. இப்படி ஏழெட்டு எழுத்துகளை உம்மும்மா சொல்லித்தந்ததும் மற்றவை தாமாகவே வந்தன. இரண்டு மாலைப்பொழுதுகளில் அந்தத் தாளை வாசித்து முடித்தோம்.

அது துஆவோ பைத்தோ அல்ல. சாமான் பட்டியல். "செம்புச் சஹன் ஒண்டு, தலகணி உற நாலு, கைக் காப்பு ரெண்டு, காதுப் பூ ஒரு சோடி" என்று போய், கீழே "மூத்த மகளுக்குக் குடுத்தது" என்று முடிந்திருந்தது. உம்மும்மா மூத்த மகள் அல்ல. அப்போதுதான் தலையணை உறையின் கதை வந்தது.

இந்த ட்ரங்குப் பெட்டி உம்மும்மாவுக்காக வாங்கியதல்ல. 1966இல் அவரது தாத்தாவின் கலியாணத்துக்காக வாங்கியது. பெட்டி நிறையச் சாமான்களும், கைக்கூலியாக ஒரு தொகையும் கொடுத்து அவரை அனுப்பினார்கள். இரண்டு வருடங்களில் தலாக் ஆகி அவர் திரும்பி வந்தார். பின்னால் ஒரு நாள் பெட்டியும் வந்தது. உள்ளே அந்த நான்கு தலையணை உறைகளும், அவர் சமைத்துக் கழுவி வைத்த சஹனும் மட்டும் இருந்தன. காப்பும் காதுப் பூவும் இல்லை, காசும் இல்லை.

கேட்கப் போனபோது எழுத்து இருக்கிறதா என்று கேட்டார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, பெண்ணின் உறவினர்கள் அவளுடைய பயனுக்கென்று மாப்பிள்ளையிடம் கொடுப்பதுதான் கைக்கூலி. அது அவளுக்குரியது, திருப்பிக் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. விவாகப் பதிவில் மஹரையும் கைக்கூலியையும் எழுத இடமும் உண்டு. ஆனால் அன்று காவின் எழுதும்போது அந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்கள். "சம்பந்திகிட்ட கணக்கு எழுதிக் கேக்கியதா?" என்று உம்மும்மாவின் வாப்பா வெட்கப்பட்டிருக்கிறார். அவரது உம்மா எழுதி வைத்த பட்டியல் இருந்தது. ஆனால் அது அவர் மட்டும் வாசிக்கும் எழுத்தில், யாருடைய ஒப்பமும் இல்லாமல், புத்தகத்தின் கடைசித் தாளில் இருந்தது.

மூத்தவர் அதன்பின் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து வாழ்ந்தார். அந்தத் தையல் காசில்தான் 1974இல் தங்கையின் காப்புகளை வாங்கினார். வெறுமையாக வந்த பெட்டிக்குப் புதுப் பச்சை நிறம் பூசி, ரோசாப் பூவை மறுபடியும் வரையச் செய்தவரும் அவரே. அந்தத் தடவை, காவினில் எல்லாம் எழுதினால்தான் பெட்டி வாசலைத் தாண்டும் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

உம்மும்மா தன் காவின் பிரதியை எடுத்துக் காட்டினார். மடித்த இடங்கள் கிழிந்து, பின்னால் கடதாசி ஒட்டியிருந்தது. மஹர் 101 ரூபாய். கைக்கூலிக்கு நேரே ஒரு தொகை. கீழே மாப்பிள்ளையின் ஒப்பம், உம்மும்மாவின் வாப்பா வலியாக வைத்த ஒப்பம், சாட்சிகளின் ஒப்பங்கள். தாத்தா விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, "உங்கட கையெழுத்து எங்க?" என்று கேட்டாள்.

"பொம்புளப் புள்ளட கையெழுத்துக்கு இதுல எடம் இல்ல மகள்."

அது அன்றைய வழக்கம் மட்டுமல்ல. அந்தச் சட்டப்படி விவாகப் பதிவில் மணமகளுக்காக ஒப்பமிடுவது அவளுடைய வலிதான்.

நான்காம் நாள் உம்மும்மா என்னிடம் ஒரு பயிற்சிக் கொப்பியைக் கொடுத்து, பெட்டிக்குள் இருப்பவற்றையும் நகைகளையும் பட்டியலாக எழுதச் சொன்னார். நகை என்றால் எத்தனை பவுண், என்ன வடிவம்; சேலை என்றால் என்ன நிறம், எங்கே கறை. ஒன்று பெட்டிக்குள், ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று மாப்பிள்ளை வீட்டில். மூன்று பிரதிகளிலும் இரு வீட்டாரும் ஒப்பமிட வேண்டும்.

தாத்தா மறுத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கைக்கூலி எதுவும் கேட்கவில்லை. சீர் கூட வேண்டாம் என்றவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் பட்டியலை நீட்டினால், நம்பாமல் பெண் கொடுக்கிறார்கள் என்று நினைக்கமாட்டார்களா என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. உம்மா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா பேசவில்லை.

"எங்கட வாப்பா ஈந்ததும் இப்படித்தான்," என்றார் உம்மும்மா. "அவரும் நல்ல ஆக்கள் எண்டுதான் எழுதாம வுட்ட. நல்ல ஆக்களா ஈந்தா எழுதினதால கெட்டுப்போக மாட்டாங்க. எழுதாட்டி, நல்ல ஆக்களுக்கும் பத்து வருசத்துல மறந்து போவும். யாருட காப்பு, யார் வாங்கினது எண்டு அவங்களுக்கே வெளங்காது."

அன்று அஸருக்குப் பிறகு தாத்தா தானே பட்டியலை எடுத்து வாசித்தாள். கருகமணிக்கு நேரே நான் "பொன் மணி 14" என்று எழுதியிருந்தேன். அவள் பேனையை வாங்கி, மூன்று பிரதிகளிலும் முதல் ஒப்பத்தைத் தானே வைத்தாள். வலிக்கு இடம் விடவில்லை.

மறுநாள் வாப்பா பட்டியலை அக்குறணைக்குக் கொண்டுபோனார். திரும்பி வரும்வரை உம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. மக்ரிபுக்குச் சற்று முன்னர் வாப்பா வந்து, பிரதிகளை உம்மும்மாவின் மடியில் வைத்தார். மாப்பிள்ளையின் உம்மா அதைக் கடைசி வரை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு தன் மகனைக் கூப்பிட்டு ஒப்பமிடச் சொல்லி, தானும் ஒப்பமிட்டு, கீழே மிஞ்சியிருந்த இடத்தில் தங்கள் வீட்டிலிருந்து தாத்தாவுக்குப் போடப்போகும் நகைகளைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்திருந்தார். மூன்று வரிகள். கடைசியில், "இவையும் மகளுக்கே உரியவை."

உம்மும்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்து வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, ஒன்று விடுபட்டிருக்கிறது என்றார். சஹன் இருந்தது, உறைகள் இருந்தன, சேலை, சிமிழ், புத்தகம், பூட்டு, திறப்பு இரண்டு, எல்லாம் இருந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பெட்டியின் மூடியைத் தட்டிக் காட்டினார்.

இலக்கங்களை மாற்ற வேண்டாம், எல்லாவற்றுக்கும் மேலே எழுது என்றார். மூன்று பிரதிகளிலும், தலைப்புக்கும் சஹனுக்கும் இடையிலிருந்த ஒடுங்கிய இடத்தில் எழுதினேன்: ட்ரங்குப் பெட்டி, பச்சை நிறம், ரோசாப் பூ, 1.